டிரேடிங் கம்பெனியோட கேஷ் கன்வெர்ஷன் சைக்கிள்: லெட்ஜர்ல இருந்து நாள் கணக்கு வரைக்கும்

சரக்கு வாங்கி விக்கிற கம்பெனில கணக்குப் பக்கம் புதுசா வந்து உக்கார்ந்தவங்க, இல்ல சொந்தமா டிரேடிங் ஆரம்பிச்சு "லாபம் காட்டுது, பேங்க்ல மட்டும் ஏன் எப்பவும் துடைச்சு வச்ச மாதிரி இருக்கு"ன்னு யோசிக்கிறவங்க, உங்களுக்காகத்தான் இது. சப்ளையருக்குக் கொடுத்த காசு கஸ்டமர்கிட்ட இருந்து திரும்பி வர எத்தன நாள் ஆகுதுங்கிறதுதான் கேஷ் கன்வெர்ஷன் சைக்கிள். அதோட ஃபார்முலா எங்க தேடினாலும் கிடைக்கும், ஒரே வரிதான்: ஸ்டாக் நாளோட வசூல் நாளைக் கூட்டு, சப்ளையர் நாளைக் கழி. ஆனா எந்த நம்பரை எந்த ரிப்போர்ட்ல இருந்து எடுக்கணும், எதை எதால வகுக்கணும்னு யாரும் உக்கார்ந்து சொல்ல மாட்டாங்க. நான் முதல்ல இதைப் போடும்போது ஆளாளுக்கு ஒரு விடை சொன்னாங்க, எல்லாரும் அதே லெட்ஜரைத்தான் பார்த்துட்டு இருந்தாங்க. அந்தச் சுத்தல் உங்களுக்கு வேணாம்.

கடைசி வரைக்கும் ஒரே கம்பெனியை வச்சே போடுறேன். வருஷ விற்பனை 730 லட்சம், அதாவது ஒரு நாளைக்கு 2 லட்சம். வித்த சரக்கோட அடக்கம் 584 லட்சம், நாளைக்கு 1.6 லட்சம். மொத்த லாபம் 20 சதவீதம். நாணயம் உங்களோடது எதுவோ அதைப் போட்டுக்கோங்க, கணக்கு மாறாது.

1. முதல்ல எடுத்து வைக்க வேண்டிய ரிப்போர்ட்கள்

பேலன்ஸ் ஷீட் ஒண்ணை மட்டும் வச்சுட்டு உக்காராதீங்க. அது ஒரே ஒரு நாளோட போட்டோ, அதுவும் எல்லாரும் தலை வாரி நிக்கிற நாள். வருஷக் கடைசி மாசம் புது சரக்கு எடுக்கிறதை நிறுத்திடுவாங்க, பாக்கியை விரட்டி விரட்டி வசூல் பண்ணுவாங்க, அந்த நம்பரை வச்சு நாள் போட்டா உங்க கம்பெனி பிரமாதமா தெரியும், மறு மாசமே பல் இளிக்கும்.

வேணுங்கிறது இதுதான். வருஷ ஆரம்ப பேலன்ஸ் ஒண்ணு, அப்புறம் ஒவ்வொரு மாசக் கடைசியும் இருந்த ஸ்டாக், வர வேண்டிய பாக்கி, சப்ளையருக்குக் கொடுக்க வேண்டியது, ஆக ஒவ்வொண்ணுக்கும் 13 நம்பர். கூடவே மாசாமாசம் விற்பனை, அடக்கம், கொள்முதல். அப்புறம் எந்த பாக்கி எத்தன நாளா நிக்குதுன்னு காட்டுற கஸ்டமர் ஏஜிங், சப்ளையர் ஏஜிங், கூடவே ஐட்டம் வாரியா ஸ்டாக் ரிப்போர்ட், இந்த மூணும் கடைசி தேதிக்கு இருந்தா போதும். கிரெடிட் நோட் எல்லாம் என்ட்ரி ஆயிடுச்சான்னு ஒரு தடவை கேட்டுக்கோங்க, திரும்பி வந்த சரக்கு குடோன்ல உக்கார்ந்திருக்கும், கஸ்டமர் லெட்ஜர்ல அந்த பில் இன்னும் பாக்கியாவே நிக்கும், அப்ப ஒரே சரக்கு ரெண்டு பக்கமும் எண்ணிக்கைல வந்துரும்.

சாஃப்ட்வேர்ல என்ட்ரி ஒழுங்கா இருந்தா இதெல்லாம் அரை நாள் வேலை. இல்லன்னா ஒரு வாரம் ஒதுக்கிக்கோங்க, அதுல பெரும்பகுதி ஸ்டாக்கை நேர் பண்றதுக்கே போயிரும்.

2. ஸ்டாக் நாள்

13 மாசக் கடைசி ஸ்டாக்கோட சராசரியை எடுத்து, வருஷ அடக்கத்தால வகுத்து, 365 ஆல பெருக்கணும். ஷீட்ல B2 ஆரம்ப ஸ்டாக், B3 முதல் B14 வரை மாசக் கடைசி ஸ்டாக், C3 முதல் C14 வரை மாசத்தோட அடக்கம்னு வச்சா இவ்வளவுதான்:

```
=AVERAGE(B2:B14)/SUM(C3:C14)*365
```

நம்ம கம்பெனில சராசரி ஸ்டாக் 96 லட்சம். 96ஐ 1.6 ஆல வகுத்தா 60 நாள். அதாவது சராசரியா ஒரு சரக்கு உள்ள வந்து வெளிய போக ரெண்டு மாசம் ஆகுது.

இங்க அடிக்கடி நடக்கிற கோளாறு, ஸ்டாக்கை விற்பனையால வகுக்கிறது. 96ஐ 2 ஆல வகுத்தா 48 நாள்னு வரும், பார்க்க அழகா இருக்கும், ஆனா ஸ்டாக் அடக்க விலைல இருக்கு, விற்பனை லாபத்தோட சேர்த்து இருக்கு, ரெண்டும் வேற வேற அளவுகோல். மார்ஜின் கூடக் கூட இந்தத் தப்பும் பெருசாகும். அதே மாதிரி ஸ்டாக் மதிப்புல லாரி வாடகை, சுங்கம், இறக்குகூலி எல்லாம் சேர்த்திருந்தா அடக்கத்துலயும் அதெல்லாம் சேர்ந்திருக்கணும், ஒரு பக்கம் சேர்த்து மறு பக்கம் தனிச் செலவா எழுதியிருந்தா நாள் வீங்கித் தெரியும்.

வழில வர்ற சரக்கையும் மறந்துடாதீங்க. கப்பல்லயோ லாரிலயோ இருக்கு, ஆனா ஒப்பந்தப்படி அது ஏற்கனவே உங்க சரக்கு ஆயிடுச்சுன்னா, குடோனுக்கு வரலைன்னாலும் ஸ்டாக்ல சேர்க்கணும். தூரத்துல இருந்து இறக்குமதி பண்றவங்களுக்கு இதை விட்டா ஸ்டாக் நாள்ல ஒரு பெரிய துண்டே காணாமப் போயிரும். குடோன்காரர் "நம்மகிட்ட ஒரு மாச சரக்குதானே இருக்கு"ன்னு சொல்லுவார், அவர் சொல்றது குடோனுக்கு சரி, உங்க பணத்துக்கு சரியில்ல.

3. வசூல் நாள்

சராசரி பாக்கி 90 லட்சம், ஒரு நாள் விற்பனை 2 லட்சம், அப்ப 45 நாள். இங்க விற்பனையாலதான் வகுக்கணும், ஏன்னா கஸ்டமர் பாக்கில லாபமும் சேர்ந்து நிக்குது.

இதுல மொதல் பொறி வரி. கஸ்டமர் லெட்ஜர்ல நிக்கிறது பில் தொகை, அதுல விற்பனை வரியும் உண்டு. லாப நஷ்டக் கணக்குல காட்டுற விற்பனை வரி இல்லாதது. வரி 10 சதவீதம்னு வைங்க, லெட்ஜர் 99 லட்சம் காட்டும், அதை அப்படியே 2 ஆல வகுத்தா 49.5 நாள். உங்க வசூல் ஆள் மேல இல்லாத நாலரை நாள் பழி விழுது. ஒண்ணு பாக்கில இருந்து வரியைக் கழிங்க, இல்ல விற்பனையோட வரியைச் சேருங்க, எது பண்ணினாலும் சப்ளையர் பக்கமும் அதையே பண்ணுங்க. ஒண்ணு கூடவே சொல்லிடுறேன், பில் போட்ட தேதியை வச்சு வரி கட்டணும்னு சட்டம் இருக்கிற இடத்துல, கஸ்டமர் பணம் தர்றதுக்கு முன்னாடியே நீங்க வரியை உங்க கைல இருந்து கட்டியிருப்பீங்க. அந்தக் காசு இந்த நாள் கணக்குல எங்கயும் தெரியாது, தனியா குறிச்சு வச்சுக்கணும்.

ரெண்டாவது, ரொக்க விற்பனை. நம்ம கம்பெனில கால்வாசி விற்பனை கையில காசு வாங்கிட்டுத்தான் நடக்குதுன்னு வைங்க. அப்ப கடன் விற்பனை நாளைக்கு 1.5 லட்சம்தான், 90ஐ 1.5 ஆல வகுத்தா 60 நாள். எது சரி, 45ஆ 60ஆ? ரெண்டும்தான். சைக்கிள் போட மொத்த விற்பனைல வர்ற 45ஐ எடுங்க, ஏன்னா உங்க சரக்கு மொத்தமும் சராசரியா எத்தன நாள்ல காசாகுதுன்னுதான் அங்க கேள்வி. கடன் கஸ்டமர்கிட்ட பேசப் போகும்போது 60ஐ எடுத்துட்டுப் போங்க. 45 நாள் தவணைன்னு எழுதி வச்சுட்டு "சராசரி 45தானே, எல்லாம் ஒழுங்கா வருது"ன்னு உக்கார்ந்திருக்கிற கம்பெனிகள்ல நிஜத்துல கடன் கஸ்டமர்கள் சராசரியா பதினஞ்சு நாள் லேட்.

மூணாவதுதான் எனக்குப் பிடிச்சது, விற்பனை ஏறிட்டு இருக்கும்போது. வருஷக் கடைசில பாக்கி 108 லட்சம், வரி நீக்கினது. வருஷ சராசரி விற்பனையால வகுத்தா 54 நாள். மீட்டிங்ல சத்தம் போட இது போதும். ஆனா கடைசி ரெண்டு மாசம் வியாபாரம் ஏறியிருக்கு, கடைசி மாசம் 80 லட்சம், அதுக்கு முந்தின மாசம் 70 லட்சம். பின்னாடி இருந்து எண்ணிப் பாருங்க. 108ல இருந்து கடைசி மாச விற்பனை 80ஐக் கழிச்சா அந்த மாசத்தோட 31 நாள் முடிஞ்சது, மீதி 28. அந்த 28, முந்தின மாசம் 70ல எவ்வளவு பங்கு? நாற்பது சதவீதம், 30 நாள்ல 12 நாள். ஆக 43 நாள். வசூல் கெடவே இல்ல, வியாபாரம்தான் பெருத்திருக்கு. விற்பனை இறங்கும்போது இதுவே தலைகீழா ஏமாத்தும், வருஷக் கணக்குல நல்லா இருக்கிற மாதிரி தெரியும், பின்னாடி இருந்து எண்ணினா வண்டவாளம் வெளிய வந்துரும். சீசன் வியாபாரம் பண்றவங்க ரெண்டு விதமாவும் போட்டுப் பாருங்க.

4. சப்ளையர் நாள்

இதுல சரக்கு சப்ளையர் மட்டும்தான் வரணும். "கொடுக்க வேண்டியவை"ன்னு லெட்ஜர்ல ஒரே தலைப்புல வாடகை, ஆடிட்டர் ஃபீஸ், சம்பள பாக்கி, ஜெனரேட்டர் வாங்கின பாக்கி எல்லாம் கிடக்கும். அதையெல்லாம் பிரிச்சு வெளிய எடுத்துடுங்க, இல்லன்னா சப்ளையர் உங்களுக்குத் தராத தவணையை எல்லாம் தந்த மாதிரி கணக்கு சொல்லும்.

அட்வான்ஸ் இன்னொரு விஷயம். நம்ம கம்பெனிக்கு சப்ளையர் பாக்கி சராசரி 56 லட்சம், ஆனா வேற ரெண்டு சப்ளையருக்கு சரக்கு வர்றதுக்கு முன்னாடியே 8 லட்சம் கொடுத்து வச்சிருக்கோம், அது சொத்துப் பக்கத்துல "முன்பணம்"னு தனியா இருக்கும், அதைத் தேடிப் பிடிச்சு கழிக்கணும். நிகரம் 48 லட்சம். 48ஐ 1.6 ஆல வகுத்தா 30 நாள். அட்வான்ஸைக் கழிக்காம விட்டிருந்தா 35 நாள்னு நம்பிட்டு இருப்போம்.

கொள்முதலாலதானே வகுக்கணும்னு உங்கள்ல யாராவது கேப்பீங்க, நியாயமான கேள்விதான். இந்த வருஷம் ஸ்டாக் 72ல இருந்து 120 லட்சத்துக்கு ஏறியிருந்தா, கொள்முதல் 584 கூட்டல் 48, அதாவது 632 லட்சம். அதால வகுத்தா 27.7 நாள் வரும். சப்ளையர் நிஜமா எத்தன நாள் தவணை தர்றார்னு பார்க்க இதுதான் சரி. சைக்கிளைக் கோர்க்க அடக்கத்தோட வர்ற 30ஐ வச்சுக்கோங்க, ஏன்னு அடுத்த படில தெரியும். ஸ்டாக் பெருசா ஏறாத இறங்காத வருஷத்துல ரெண்டும் ஒண்ணுதான், விட்டுத்தள்ளுங்க. முக்கியமானது, ஒரு வழியைப் பிடிச்சா வருஷா வருஷம் அதையே பிடிக்கணும்.

5. மூணையும் கோர்க்கிறது

60 கூட்டல் 45 கழித்தல் 30, ஆக 75 நாள்.

இந்த 75 என்னன்னு புரியணும்னா ஒரே ஒரு லோடைப் பின்தொடருங்க. 16 லட்சத்துக்கு சரக்கு வருது, அது 0வது நாள். 30வது நாள் சப்ளையருக்கு 16 லட்சம் போகுது, சரக்கு இன்னும் குடோன்லதான். 60வது நாள் அதை 20 லட்சத்துக்கு விக்கிறீங்க, லாபம் 4 லட்சம் அன்னைக்கே புத்தகத்துல ஏறிடுது, காசு வரல. 105வது நாள் கஸ்டமர் பணம் கணக்குல விழுது. 30ல இருந்து 105 வரைக்கும் 75 நாள், அந்த 16 லட்சம் உங்க காசு, இல்ல பேங்க் காசு. 12 சதவீத வட்டின்னா 75 நாளைக்கு சுமார் 39,450 ஆகுது. அந்த லோடோட மொத்த லாபத்துல பத்துல ஒரு பங்கு வட்டிக்கே போகுது, சம்பளம் வாடகை எல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

இப்ப மொத்த கம்பெனிக்கும் எவ்வளவு பணம் மாட்டியிருக்கு? பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்தா ஸ்டாக் 96, பாக்கி 90, சப்ளையர் 48 கழிச்சா 138 லட்சம். 75 நாளை ஒரு நாள் அடக்கமான 1.6 லட்சத்தால பெருக்கினா 120 லட்சம். 18 லட்சம் எங்க போச்சுன்னு இங்க நிறைய பேர் முழிப்பாங்க, நானும் ஷீட்ல பிழை இருக்குன்னு நினைச்சு செல் செல்லா தேடியிருக்கேன். பிழை இல்ல. கஸ்டமர் பாக்கி 90 லட்சத்துல 20 சதவீதம், அதாவது 18 லட்சம், உங்க லாபம், அது நீங்க கைல இருந்து போட்ட காசு இல்ல. பாக்கியை அடக்கத்துல எடுத்தா 72 லட்சம், 96 கூட்டல் 72 கழித்தல் 48, சரியா 120. இதுக்காகத்தான் சப்ளையர் நாளையும் அடக்கத்தால வகுக்கச் சொன்னேன். உங்க ஷீட்ல இந்த ரெண்டு நம்பரோட வித்தியாசம் பாக்கில இருக்கிற லாபத்தோட ஒத்துப் போகலன்னா, ஏதோ ஒரு இடத்துல வரியோ அட்வான்ஸோ கலந்திருக்குன்னு அர்த்தம், மேல போகாம அதைக் கண்டுபிடிங்க. இதைவிட நல்ல செக் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

6. சராசரிக்குள்ள என்ன ஒளிஞ்சிருக்குன்னு பார்க்கிறது

60 நாள் ஸ்டாக்னா எல்லா ஐட்டமும் 60 நாள்ல போகுதுன்னு அர்த்தமில்ல. ஐட்டம் வாரி ரிப்போர்ட்ல கடைசியா வித்த தேதியை வச்சு வரிசைப்படுத்துங்க. நம்ம கம்பெனில 96ல 30 லட்சம் சரக்கு ஆறு மாசமா ஒரு பீஸ் கூட அசையல. மீதி 66 லட்சத்தை 1.6 ஆல வகுத்தா 41 நாள்தான் வருது. அதாவது ஓடுற சரக்கு நல்லாவே ஓடுது, வாங்குற ஆளைத் திட்டி ஓடுற சரக்கைக் குறைச்சா ஆர்டர் வரும்போது கையை விரிக்க வேண்டி வரும், அந்த 30 லட்சம் அப்பவும் அப்படியேதான் இருக்கும்.

அதைத் தள்ளி விட்டா என்ன ஆகும்? 40 சதவீதம் நஷ்டத்துக்கு போச்சுன்னா கைக்கு 18 லட்சம் வரும், 12 லட்சம் நஷ்டம் எழுதணும். ஸ்டாக் நாள் கிட்டத்தட்ட 19 குறையும். கவனிங்க, 19 நாளை 1.6 ஆல பெருக்கினா 30 லட்சம் வர்ற மாதிரி தெரியும், வர்றது 18தான். ஸ்டாக் மதிப்பை நஷ்டமா எழுதினாலே, ஒரு பைசா கைக்கு வராமலேயே நாள் குறைஞ்சிடும். யாராவது "சைக்கிளை இவ்வளவு நாள் குறைச்சுட்டோம்"னு வந்து நின்னா, பேங்க் பேலன்ஸ் எவ்வளவு ஏறிச்சுன்னு கேளுங்க.

இதே ஏமாத்து பாக்கிப் பக்கமும் உண்டு. கஸ்டமர் பில்லை ஃபைனான்ஸ் கம்பெனிகிட்ட கொடுத்து முன்கூட்டியே காசு வாங்கினா சில கணக்கு முறைல பாக்கி லெட்ஜர்ல இருந்தே மறைஞ்சிடும், வசூல் நாள் குறையும், ஆனா கஸ்டமர் ஒரு நாள் கூட சீக்கிரம் கொடுக்கல. அவர் கொடுக்கலன்னா உங்ககிட்ட திரும்பக் கேப்பாங்களான்னு ஒப்பந்தத்துல பாருங்க, கேப்பாங்கன்னா அது கடன்தான், பாக்கில திரும்பச் சேர்த்துட்டு நாள் போடுங்க.

7. எந்த நாளைக் குறைக்கிறது

நம்ம கம்பெனில வசூல்ல ஒரு நாள் குறைஞ்சா கைக்கு 2 லட்சம் வருது, ஸ்டாக்ல ஒரு நாள்னா 1.6, சப்ளையர்கிட்ட ஒரு நாள் கூட வாங்கினாலும் 1.6. அதனால எனக்குத் தெரிஞ்சு வசூல்ல ஆரம்பிக்கிறதுதான் லாபம், அதுவும் கஸ்டமரை விரட்டுறதுக்கு முன்னாடி நம்ம ஆபீஸ்லயே கிடக்கிற நாளைப் பொறுக்கணும்.

ஒரு பில்லை எடுத்து தேதி தேதியா எழுதிப் பாருங்க. சரக்கு லாரில ஏறின தேதி, பில் போட்ட தேதி, பில் கஸ்டமர் கைக்குப் போன தேதி, அவங்க அதைத் தங்க கணக்குல ஏத்தின தேதி, பணம் வந்த தேதி. சரக்கு போய் நாலு நாள் கழிச்சு பில் போட்டா அந்த நாலு நாள் வசூல் நாள்ல தெரியாது, ஏன்னா பாக்கியே பில் போட்ட அன்னைக்குத்தான் பிறக்குது. பெரிய கஸ்டமர்கள் நிறைய பேர் மாசத்துல ரெண்டு தடவையோ ஒரு தடவையோ மட்டும்தான் பேமென்ட் போடுவாங்க, ஆர்டர் நம்பர் இல்லாத பில் திருப்பி வந்து, திருத்தி அனுப்புறதுக்குள்ள அந்த தேதி தாண்டிப் போச்சுன்னா ரெண்டு நாள் தாமதம் அப்படியே பதினஞ்சு நாளோ ஒரு மாசமோ ஆயிடும். அவங்க பேமென்ட் தேதியையும் பில் ஏத்துறதுக்குக் கடைசித் தேதியையும் அவங்க கணக்குப் பிரிவுல கேட்டு ஒரு ஷீட்ல எழுதி வைங்க. விற்பனை ஆளுக்கு இது தெரியாது, அவர்கிட்ட கேக்காதீங்க.

அடுத்து தள்ளுபடி, இது நிறைய பேர் காலை வாரி விடுற இடம். சப்ளையர் சொல்றார், 10 நாள்ல கொடுத்தா 2 சதவீதம் குறைச்சுக்கோ, இல்ல 30 நாள்ல முழுசா கொடு. சைக்கிளைக் குறைக்கணும்னு 30 நாள் வரைக்கும் இழுத்தா நாள் கணக்கு நல்லா இருக்கும். ஆனா 98 கொடுக்க வேண்டிய இடத்துல 20 நாள் தள்ளிப் போட்டு 100 கொடுக்குறீங்க. 2ஐ 98 ஆல வகுத்து, வருஷத்துல எத்தன 20 நாள் இருக்கோ அதால, அதாவது 365ஐ 20 ஆல வகுத்துப் பெருக்கினா வருஷத்துக்கு 37 சதவீதத்துக்கு மேல போகுது. பேங்க் 12 சதவீதத்துக்குக் கொடுக்கும்போது 37க்கு சப்ளையர்கிட்ட கடன் வாங்குற மாதிரி. பேங்க்ல இடம் இருந்தா 10வது நாளே கட்டிடுங்க, சைக்கிள் நீண்டாலும் பரவாயில்ல. இதே கணக்கு மறுபக்கமும் ஓடும், கஸ்டமருக்கு நீங்க அதே 2 சதவீதம் கொடுத்து 20 நாள் முன்னாடி வாங்கினா, அந்த வட்டியைக் கட்டுறது நீங்க. காசு முட்டுற நேரத்துல, வேற வழியே இல்லன்னா கொடுங்க, நிரந்தரப் பழக்கமா வைக்காதீங்க.

தள்ளுபடியே தராத சப்ளையர்கிட்ட தவணையைக் கேட்டு வாங்குங்க, சொல்லாம இழுக்காதீங்க. சொல்லாம இழுத்தா அவர் அடுத்த விலைல அதைச் சேர்த்துடுவார், இல்ல சரக்கு தட்டுப்பாடு வரும்போது உங்களை வரிசைல கடைசில நிறுத்துவார்.

8. வியாபாரம் வளரும்போதும், பேங்க்ல லிமிட் கேக்கும்போதும்

அடுத்த வருஷம் விற்பனை 25 சதவீதம் ஏத்தலாம்னு திட்டம், 730ல இருந்து 912.5 லட்சம். நாள் எதுவும் மாறலன்னா 138 லட்சமும் 25 சதவீதம் ஏறி 172.5 ஆகும், கூடுதலா 34.5 லட்சம் வேணும். செலவெல்லாம் போக நிகர லாபம் விற்பனைல 4 சதவீதம்னு வைங்க, 36.5 லட்சம். மிச்சம் 2 லட்சம். வருமான வரியும் முதலாளி வீட்டுச் செலவுக்கு எடுக்கிறதும் இதுக்குள்ள அடங்காது. நல்லா வளர்ற கம்பெனி சம்பளத் தேதில திணறுறது பெரும்பாலும் இப்படித்தான். அதனால டார்கெட் பேசுற மீட்டிங்லயே இந்த 34.5 எங்க இருந்து வரும்னு கேட்டுடுங்க, ஆர்டர் எடுத்த பிறகு கேக்காதீங்க. பேங்க்ல லிமிட் ஏத்த வாரக்கணக்குல ஆகும், ஏஜிங் ரிப்போர்ட், ஸ்டாக் ஸ்டேட்மென்ட், மாச வாரி விற்பனை எல்லாம் கேப்பாங்க, முதல் படில எடுத்து வச்சதையே அப்டேட் பண்ணி கொடுத்தா வேலை பாதி முடிஞ்சது. ஆறு மாசம் அசையாத அந்த 30 லட்சம் சரக்கும், ரொம்பப் பழைய கஸ்டமர் பாக்கியும் அடமானக் கணக்குல பேங்க் பொதுவா எடுத்துக்காது, அதைக் கழிச்சுட்டு எவ்வளவு லிமிட் வரும்னு நீங்களே முன்னாடி போட்டுப் பார்த்துட்டுப் போங்க.

மாசாமாசம் 5ஆம் தேதிக்குள்ள மூணு நாளையும் போட்டு ஒரே ஷீட்ல அடுத்தடுத்த வரிசையா வைங்க, ஒரு மாச நம்பரைப் பார்த்து பதறாதீங்க, மூணு மாசம் ஒரே பக்கம் நகர்ந்தா எறங்கித் தேடுங்க.

லோடுக்கு லோடு தனிக் கடன் வாங்குறவங்க தவணை நாளைப் பார்த்து கேளுங்க. மேல சொன்ன 16 லட்சம் லோடுக்கு 30வது நாள் கடன் எடுக்குறீங்க, பேங்க் 60 நாள் தவணை தருதுன்னா 90வது நாள் கட்டணும், கஸ்டமர் காசு வர்றது 105ல. அந்த 15 நாளைக்கு அடுத்த லோடுக்கு வச்ச காசை எடுத்து அடைப்பீங்க, அது அடுத்த லோடையும் அதுக்கு அடுத்ததையும் தொடர்ந்து இழுக்கும். விண்ணப்பத்துலயே 90 நாள்னு கேளுங்க, கூடவே அந்த 105 நாள் கணக்கை லோடு தேதிகளோட ஒரு பக்கத்துல பிரின்ட் எடுத்து இணைச்சுடுங்க.